பாட ஸ்லைடுக்குள் வினாடி வினா: அன்றைக்கு எல்லாரும் சரி, அடுத்த வாரம் எல்லாம் காலி

தொண்டி டீச்சர் | ஜூலை 4, இரவு 9.20

எட்டாம் வகுப்பு அறிவியலை ஸ்லைடு போட்டு நடத்துகிறேன். ஒவ்வொரு பாடத்தின் கடைசியிலும் பத்து கேள்வி, நான்கு அணி, புள்ளிப் பலகை, கைதட்டல் சத்தம் என்று எல்லாம் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அந்த நேரத்துக்காகவே காத்திருக்கிறார்கள். பதிலும் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அடுத்த வாரம் அதே கேள்வியைச் சும்மா வாயால் கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள்.

போன வாரம் நடத்தியது வெப்பம். அதில் வெப்பச்சலனம், நிலக்காற்று, கடற்காற்று. வீட்டு வாசலில் கடலை வைத்திருக்கிற பிள்ளைகள் இதில் தடுமாறலாமா? கேள்விகளை இன்னும் கூட்டலாமா, இல்லை வீட்டுக்கும் அனுப்பலாமா என்று யோசிக்கிறேன்.

கீழக்கரை கணக்கு | ஜூலை 4, இரவு 9.48

கூட்டாதீர்கள், பரப்புங்கள். மனிதக் கவனம் பத்து நிமிடம்தான் நிற்கும், ஆராய்ச்சியே இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று பிரித்துப் போட்டால் வகுப்பு விழித்துக்கொண்டே இருக்கும். நான் ஹைடெக் லேபில் கஹூட் வைக்கிறேன். சீக்கிரம் பதில் சொன்னால் அதிகப் புள்ளி. வகுப்பே அலறும். தூங்குகிறவன் ஒருத்தன் கிடையாது.

தேவிபட்டினம் தம்பி | ஜூலை 4, இரவு 10.05

நல்ல நேரத்தில் இந்த இழை வந்தது. எங்கள் மன்றத்தில் சுதந்திர தினத்துக்கு வினாடி வினா வைக்கிறோம். நான்கு அணிக்கு பஸ்ஸர் வேண்டும், ராமநாதபுரத்தில் எந்தக் கடையில் கிடைக்கும்? பாம்பன் பாலம் மாதிரி உள்ளூர்க் கேள்விகள் இருந்தாலும் அனுப்புங்கள்.

பாம்பன் வாத்தியார் | ஜூலை 5, காலை 6.10

தம்பி, இது வகுப்பறை விஷயம். பஸ்ஸருக்கு எலக்ட்ரிக்கல் கடையில் காலிங் பெல் நான்கு வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு பல்பை இணைத்தால் போதும்.

டீச்சர், உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. பாடம் முடிந்த ஐந்தாவது நிமிடத்தில் கேட்கிறீர்கள். அப்போது பிள்ளைகள் நினைவிலிருந்து எடுத்துச் சொல்வதில்லை. காதில் இன்னும் ஒலித்துக்கொண்டிருப்பதைத் திருப்பிச் சொல்கிறார்கள். ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு பேர் 2006-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. மாணவர்களுக்கு ஒரு கட்டுரைப் பகுதியைக் கொடுத்து, ஒரு பிரிவை மறுபடி மறுபடி படிக்க வைத்தார்கள். இன்னொரு பிரிவைப் படித்த பிறகு புத்தகத்தை மூடிவிட்டு ஞாபகம் இருப்பதை எழுத வைத்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் மேல். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் கேட்டபோது நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள்.

அதாவது அன்றைய சரியான பதில் உங்களை ஏமாற்றும். கொஞ்சம் மறந்து, தேடி எடுக்கிற வேலை நடந்தால்தான் நிற்கும். பத்து கேள்வியைக் கடைசியில் குவிக்காமல் மூன்று இடத்தில் வையுங்கள். பாடம் தொடங்கும்போது பழைய பாடங்களிலிருந்து இரண்டு: ஒன்று போன வகுப்பு, இன்னொன்று போன மாதம். நடுவில், இது புரியாமல் அடுத்த ஸ்லைடுக்குப் போனால் வண்டி ஓடாது என்கிற இடத்தில் ஒன்று. கடைசியில் ஒன்று போதும், அதுவும் அடுத்த வாரம் திரும்பி வரப்போகிற கேள்வியாக. 40 நிமிடப் பீரியடில் நான்குக்கு மேல் ஒழுங்காகக் கேட்க முடியாது. ஒரு கேள்வி, யோசனை, பதில், ஏன் என்ற பேச்சு எல்லாம் சேர்த்து மூன்று நிமிடம் தாராளமாக ஓடிவிடும்.

பாம்பன் வாத்தியார் | ஜூலை 5, காலை 6.25

விட்டுப்போனது. கீழக்கரை சார், பரப்பச் சொன்னது சரி. பத்து நிமிடக் கணக்கு சரியில்லை. எல்லாரும் சொல்கிறார்கள், ஆனால் அப்படி ஒரு எண்ணுக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. கடிகாரத்தைப் பார்த்துக் கேள்வி வைத்தால் விளக்கத்தின் நடுவில் போய் விழும். பாடத்தில் மூட்டு எங்கே இருக்கிறதோ அங்கே வையுங்கள்.

தொண்டி டீச்சர் | ஜூலை 5, மதியம் 1.15

மூன்று இடம் என்பது புரிகிறது. ஆனால் அணி, புள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் சுவாரசியம் போய்விடாதா? பின்வரிசையில் இருக்கிற பையன்கள் அணியில் இருக்கும்போதுதான் முதுகை நிமிர்த்துகிறார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பார்த்தால், நிமிர்கிறார்கள் என்பது மட்டும்தான் உண்மை. பதில் சொல்வது அணிக்கு ஒரு ஆள். மீதிப் பேர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கீழக்கரை கணக்கு | ஜூலை 5, இரவு 8.30

அதற்குத்தான் கஹூட். ஒவ்வொருவரும் தனித்தனியாக அழுத்த வேண்டும். ஒளிந்துகொள்ள இடமில்லை.

பாம்பன் வாத்தியார் | ஜூலை 5, இரவு 9.05

தனித்தனியாக என்பது நல்லது. வேகத்துக்குப் புள்ளி என்பதுதான் கெடுக்கிறது. தமிழில் இரண்டு வரிக் கேள்வியை எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கிறதா இல்லையா? அது படித்து முடிப்பதற்குள் முன்பெஞ்ச் அழுத்தியாயிற்று. அப்புறம் அதுவும் எதையோ ஒன்றை அழுத்திவிட்டு நகரும். கடைசியில் உங்களுக்குக் கிடைக்கிற எண்ணிக்கையில் யாருக்குப் புரியவில்லை, யாரால் வேகமாகப் படிக்க முடியவில்லை என்று பிரித்துப் பார்க்க வழியே இல்லை.

மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் வகுப்புகளின் ஒலிப்பதிவை வைத்துப் பார்த்தார். ஆசிரியர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பது பெரும்பாலும் ஒரு நொடிதான். அதை மூன்று நொடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். பவர்பாயின்ட்டில் இதைச் செய்வது எளிது. முதலில் கேள்வி மட்டும் திரையில். நான்கு விடையும் இன்னும் வரவில்லை. ரஃப் நோட்டில் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். எழுதிய பிறகு விடைகளைக் கொண்டுவாருங்கள். விடைகளை முன்னாலேயே காட்டினால் யோசனை நின்று, எது பொருந்தும் என்று தேடுவது தொடங்கிவிடும்.

பதில் வாங்குவதற்குப் போனே வேண்டாம். ஒரு ஏ4 தாளை நான்காக மடித்து ஒவ்வொரு பக்கத்திலும் பெரிதாக அ, ஆ, இ, ஈ. “மூன்று எண்ணியதும் காட்டு” என்றால் எல்லாரும் ஒரே சமயத்தில் தூக்குவார்கள். காப்பியடிக்க நேரமில்லை. தாளும் இல்லையென்றால் நெஞ்சுக்கு முன்னால் விரல், ஒன்றிலிருந்து நான்கு வரை. கரண்ட் போனாலும் நடக்கும்.

மண்டபம் லேப் | ஜூலை 5, இரவு 11.40

கரண்ட் போனால் கேள்வியைக் கரும்பலகையில் எழுத வேண்டும், அதை மறந்துவிட்டீர்கள் சார் 🙂

பிளிக்கர்ஸ் என்று ஒன்று உண்டு. பிள்ளைகள் கையில் சதுரக் கட்டம் அச்சிட்ட அட்டை, எந்தப் பக்கத்தை மேலே வைக்கிறார்களோ அதுதான் பதில். ஆசிரியர் போன் கேமராவால் வகுப்பை ஒரு சுற்றுச் சுற்றினால் யார் என்ன சொன்னார் என்று பதிவாகிவிடும். அட்டையைப் பார்த்துப் பக்கத்துப் பையனால் பதிலைக் கண்டுபிடிக்க முடியாது, அது பெரிய வசதி. ஆனால் எங்கள் பக்கம் நெட் படுத்தால் ஒன்றும் ஆகாது. நான் மடித்த தாளுக்கே திரும்பிவிட்டேன்.

தொண்டி டீச்சர் | ஜூலை 6, இரவு 8.10

என்னுடைய கேள்வியை அப்படியே போடுகிறேன், வெட்டுங்கள்.

பகலில் கடற்கரையில் காற்று எந்தத் திசையில் வீசும்?
அ) கடலிலிருந்து நிலத்துக்கு
ஆ) நிலத்திலிருந்து கடலுக்கு
இ) வடக்கிலிருந்து தெற்குக்கு
ஈ) மேற்கூறிய எதுவும் இல்லை

இன்று இதை மறுபடி கேட்டேன். ஒரு பையன் எழுந்து, “டீச்சர், இப்ப கச்சான் அடிக்குது. பகல்லயும் காத்து கரையிலேருந்து கடலுக்குத்தான் போகுது. வெளிய வந்து பாருங்க” என்றான். வேப்ப மரத்தைப் பார்த்தேன். அவன் சொன்னதுதான் சரி. வகுப்பு முழுக்கச் சிரிப்பு.

கீழக்கரை கணக்கு | ஜூலை 6, இரவு 8.22

புத்தகத்தில் அ தான் விடை. தேர்விலும் அ தான். பையன் சொல்வதை எல்லாம் எடுத்துக்கொண்டால் மதிப்பெண் போய்விடும். விதிவிலக்கு என்று சொல்லி நகர்ந்துவிடுங்கள்.

பாம்பன் வாத்தியார் | ஜூலை 6, இரவு 9.30

தேர்வுக்கு அ சரிதான். ஆனால் அந்தப் பையனை உட்கார வைத்துவிட்டு நகர்ந்தால், பள்ளிக்கூடத்துக் காற்று வேறு, தொண்டிக் காற்று வேறு என்று வகுப்பு முடிவு கட்டிவிடும். கடற்காற்று என்பது நிலமும் கடலும் சூடாகிற வித்தியாசத்தால் கரையை ஒட்டி உருவாகிற சின்ன ஓட்டம். கச்சான் மாதிரி பெரிய காற்று எதிரே பலமாக அடிக்கும்போது அது தாமதமாகும், சில நாள் கரைக்கு வரவே வராது. கேள்வியில் மாதமும் வானமும் இல்லை. பையன் உங்கள் கேள்வியில் இருந்த ஓட்டையைக் காட்டினான், அவ்வளவுதான்.

இன்னொரு கோளாறு. நான்கு விடை போட்டிருக்கிறீர்கள், உயிரோடு இருப்பது இரண்டுதான். இ யாரையும் இழுக்காது. ஈ இடத்தை நிரப்ப வந்தது. அப்படியானால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் பாதிப் பேர் சரி. அன்றைக்கு எல்லாரும் சரியாகச் சொன்னதில் இதற்கும் பங்கு உண்டு.

தவறான விடை ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை உண்மையாகவே நம்புகிற தவறாக இருக்க வேண்டும். அப்போது எத்தனை பேர் எந்த எழுத்தைக் காட்டினார்கள் என்பதே அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிவிடும். திசையைக் கேட்காமல் காரணத்தைக் கேட்டுப் பாருங்கள்.

மார்ச் மாதம். வானம் தெளிவு, காலையில் காற்றே இல்லை. மதியம் 2 மணிக்குத் தொண்டிக் கரையில் கடலிலிருந்து காற்று வருகிறது. ஏன்?
அ) கடல் நீர் நிலத்தைவிடச் சீக்கிரம் சூடாகிறது
ஆ) மதியத்துக்குள் கடல் நீர் காலையில் இருந்ததைவிடக் குளிர்ந்துவிடுகிறது
இ) நிலத்தின் மேலுள்ள காற்று சூடாகி மேலே போகிறது
ஈ) கரைக்கு வரும் அலைகள் காற்றைத் தள்ளிக்கொண்டு வருகின்றன

அ காட்டினால் தன் வெப்ப ஏற்புத்திறன் தலைகீழாக ஏறியிருக்கிறது. ஈ காட்டினால் காற்றால் அலையா, அலையால் காற்றா என்பதே குழப்பம். ஆ யாராவது காட்டுவார்களா என்று எனக்கே சந்தேகம். வைத்துப் பாருங்கள்.

விடைகளின் நீளத்தைக் கவனியுங்கள். நாம் சரியான விடையை மட்டும் பொறுப்பாக, நீளமாக எழுதுவோம். பிள்ளைகள் அதை மோப்பம் பிடித்துவிடுவார்கள். இங்கே இ சின்னதாகவே இருக்கிறது.

தேவிபட்டினம் தம்பி | ஜூலை 6, இரவு 10.15

காலிங் பெல் யோசனை பிரமாதம், வாங்கியாயிற்று. எங்கள் தாத்தா பாய்மர வள்ளம் ஓட்டியவர். விடியலுக்கு முன்னால் கரையிலிருந்து வருகிற காற்றில் போவார்கள், மதியத்துக்கு மேல் கடலிலிருந்து வருகிற காற்றில் திரும்புவார்கள். இப்போது எல்லாம் என்ஜின், காற்றை யார் பார்க்கிறார்கள். டீச்சர் இதைக் கேள்வியாக வைக்கலாமே.

தொண்டி டீச்சர் | ஜூலை 6, இரவு 10.31

தம்பி, நீங்கள் இழை தவறி வந்தாலும் நல்ல கேள்வி கொடுத்தீர்கள். அடுத்த வாரம் திரும்பக் கேட்கிற கேள்வியாக இதையே வைக்கிறேன். அதே கருத்து, வேறு நேரம், வேறு படம். மார்ச் கேள்வியையே மறுபடி கேட்டால் “இ” என்ற எழுத்தைத்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

தொண்டி டீச்சர் | ஜூலை 9, இரவு 9.00

நடத்தினேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

கேள்வியை மட்டும் காட்டினேன். எழுதச் சொன்னேன். முதலில் முணுமுணுப்பு, “ஆப்ஷன் எங்க டீச்சர்?” அப்புறம் அமைதி. பத்துப் பதினைந்து நொடி வகுப்பில் பேனாச் சத்தம் மட்டும் கேட்பது எனக்கே கூச்சமாக இருந்தது, வாயைத் திறந்து துப்பு கொடுக்கத் தோன்றியது. அடக்கிக்கொண்டேன். விடைகள் வந்ததும் தாள்கள் மேலே.

இ பாதிக்குக் கொஞ்சம் குறைவு. அ ஓரளவு. ஈ இரண்டு மூன்று பேர். மீதியெல்லாம் ஆ! யாரும் காட்ட மாட்டார்கள் என்று சார் நினைத்த அதே ஆ.

ஏன் என்று கேட்டால், முன்வரிசைப் பெண் பிள்ளை சொன்னாள்: “மத்தியானம் கடல்ல குளிச்சா சில்லுன்னு இருக்கும் டீச்சர். காலைல எறங்குனா வெதுவெதுன்னு இருக்கும்.” பாதி வகுப்பு தலையாட்டியது.

பாம்பன் வாத்தியார் | ஜூலை 9, இரவு 9.25

அடடா. இதை நான் உட்கார்ந்த இடத்தில் கண்டுபிடித்திருக்கவே மாட்டேன். அனுபவம் உண்மை, முடிவு தவறு. காலையில் உடம்பும் வெளிக்காற்றும் குளிர்ந்திருக்கின்றன, தண்ணீர் வெதுவெதுப்பாகத் தெரிகிறது. மதியம் சுடுமணலில் நடந்து வந்து இறங்கினால் அதே தண்ணீர் சில்லென்று இருக்கும். தண்ணீர் பெரிதாக மாறவில்லை, சுற்றியிருப்பதுதான் மாறியது. இதே விஷயம்தானே உங்கள் பாடம்! அந்தப் பிள்ளை பாடத்துக்கு ஒரு வாக்கியம் பக்கத்தில் நிற்கிறது.

எத்தனை பேர் சரி என்பதை வைத்து அடுத்த அடி எடுத்து வைக்க ஒரு கணக்கு உண்டு. ஹார்வர்டில் இயற்பியல் நடத்திய எரிக் மசூர் 1990-களில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது. 30 விழுக்காட்டுக்குக் கீழே சரியென்றால் மறுபடி நடத்து. 70-க்கு மேல் என்றால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரு. நடுவில் இருந்தால் விடையைச் சொல்லாதே. வேறு விடை காட்டிய பக்கத்துப் பிள்ளையிடம் பேசச் சொல்லிவிட்டு மறுபடி தாளைத் தூக்கச் சொல். உங்களுடையது நடுவில் விழுகிறது. பேச விட்டீர்களா?

தொண்டி டீச்சர் | ஜூலை 9, இரவு 9.40

விட்டேன். இரண்டாவது முறை அ காட்டியவர்கள் பெரும்பாலும் இ-க்கு வந்துவிட்டார்கள். ஆ காட்டியவர்கள் அசையவில்லை. அசையாதது மட்டுமில்லை, இ காட்டிய இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டார்கள். கடலில் குளித்த அனுபவத்தோடு யார் வாதாட முடியும்?

அதனால் மறுநாள் முற்றத்தில் இரண்டு வாளி வைத்தேன், ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். தெர்மாமீட்டரின் குமிழ் மேலாக மறையும் அளவுக்கு மட்டும் புதைத்தோம். ஆழமாகப் புதைத்தால் மணலும் சூடாகாமல் நம்மை ஏமாற்றும் என்று லேபில் சொன்னார்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பிள்ளை போய்ப் பார்த்து எழுதியது. மணல் ஏறிக்கொண்டே போனது, தண்ணீர் கொஞ்சமே ஏறியது. முக்கியமாக, இறங்கவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அந்தப் பெண் “அப்ப எனக்குத்தான் சூடு” என்றாள்.

மண்டபம் லேப் | ஜூலை 9, இரவு 11.15

இதை ஸ்லைடிலேயே கட்டிவிடலாம் டீச்சர். கேள்வி ஸ்லைடு 12 என்று வையுங்கள். அ-வுக்கு ஒன்று, ஆ-வுக்கு ஒன்று, ஈ-க்கு ஒன்று என்று விளக்க ஸ்லைடுகளைக் கோப்பின் கடைசியில் போட்டு, மூன்றையும் `Hide Slide` கொடுத்து மறைத்துவிடுங்கள். வரிசையாகப் போகும்போது அவை வராது. 12-இல் மூலையில் மூன்று சின்னப் பொத்தான், ஒவ்வொன்றிலும் அந்தந்த ஸ்லைடுக்கு இணைப்பு. மறைத்த ஸ்லைடும் இணைப்பில் திறக்கும். அந்த ஸ்லைடில் `Action` போய் `Last Slide Viewed` கொடுத்தால் திரும்பி வரலாம். எந்தத் தவறு வருகிறதோ அதை மட்டும் காட்டுவீர்கள், மூன்றையும் ஓட்டி நேரத்தைக் கொல்ல வேண்டாம். பொத்தான் பிடிக்காவிட்டால், ஷோ ஓடும்போதே கீபோர்டில் ஸ்லைடு எண்ணைத் தட்டி Enter அழுத்தினாலும் போகும்.

எல்லாருக்கும் நடக்கிற விபத்து ஒன்று. விடை மேல் கிளிக் செய்தால் பச்சையாகும்படி `Trigger` வைத்திருப்போம். கை கொஞ்சம் தவறி வெற்றிடத்தில் கிளிக் ஆனால் அடுத்த ஸ்லைடே வந்துவிடும், அதில் விடை தெரிந்துவிடும். வகுப்பு “ஓ…” என்று கத்தும், சுற்று அவ்வளவுதான். கேள்வி ஸ்லைடில் மட்டும் `Transitions` தாவலில் `On Mouse Click` என்பதன் டிக்கை எடுத்துவிடுங்கள். மவுஸ் தவறினால் ஒன்றும் ஆகாது. கீபோர்டு அம்புக்குறி மட்டும் அப்போதும் நகர்த்தும், அதில் ஜாக்கிரதை.

பேசச் சொல்லும்போது B விசையை அழுத்துங்கள், திரை கருப்பாகும். மறுபடி அழுத்தினால் திரும்பும். திரை எரிந்துகொண்டிருந்தால் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள், அதைத்தான் பார்ப்பார்கள்.

கீழக்கரை கணக்கு | ஜூலை 10, காலை 7.00

20 நொடி டைமர் பட்டையும் சேர்த்துவிடுங்கள். செவ்வகம் ஒன்று, `Wipe` வெளியேறும் அனிமேஷன், 20 நொடி. பிள்ளைகளுக்கு நேரக் கட்டுப்பாடு வரும்.

மண்டபம் லேப் | ஜூலை 10, காலை 7.12

நானும் வைத்தேன் சார். எல்லார் கண்ணும் பட்டை குறைவதிலேயே இருந்தது, கடைசி ஐந்து நொடி கூட்டாக எண்ண வேறு ஆரம்பித்துவிட்டார்கள். இப்போது எடுத்துவிட்டேன். நான் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

தேவிபட்டினம் தம்பி | ஜூலை 10, மாலை 6.45

எங்கள் ஒத்திகையில் சண்டை. “பாம்பன் ரயில் பாலம் திறந்த ஆண்டு?” என்று வைத்தோம். ஒரு அணி 1914 என்றது, இன்னொன்று 2025 என்றது. நடுவர் கையில் இருந்தது பழைய ஸ்லைடு, 1914 தான் என்று அடம். இரண்டும் பாலம், இரண்டும் திறந்தார்கள். எப்படித் தீர்ப்பது?

பாம்பன் வாத்தியார் | ஜூலை 10, இரவு 8.50

எங்கள் ஊர்ப் பாலத்தில் வந்து கை வைத்தாயா! கேள்வி தவறு, இரண்டு அணிக்கும் புள்ளி கொடு. ஆண்டைக் கேட்காமல் வேலை செய்கிற விதத்தைக் கேள். 1914 பாலத்தின் நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே விரியும். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளப் பகுதி கிடைவாட்டிலேயே அப்படியே மேலே தூக்கப்படும். இரண்டு படத்தையும் காட்டி, எதன் வழியாகக் கப்பல் போகும்போது எந்தப் பகுதி எங்கே இருக்கும் என்று கேட்டால் எவனும் மனப்பாடத்தில் சொல்ல முடியாது.

டீச்சருக்கும் இது பொருந்தும். போன வருட ஸ்லைடை அப்படியே ஓட்டினால் கேள்வி பழசாகிவிடும், நமக்குத் தெரியாது.

தொண்டி டீச்சர் | ஜூலை 16, இரவு 9.15

ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கேட்டேன். தம்பியின் தாத்தா கேள்வி: பாய்மர வள்ளம், விடியலுக்கு முன் 4 மணி, கரையிலிருந்து காற்று, ஏன். பாடம் தொடங்கும் முன்னாலேயே, எந்த முன்னுரையும் இல்லாமல். முந்தையதைவிட அதிகம் பேர் சரி, எல்லாரும் இல்லை. போன முறை ஆ காட்டியவர்களில் சிலர் இந்த முறையும் “கடல் ராத்திரியில சூடாகுது” என்று காட்டினார்கள். வாளியைப் பார்த்தவர்கள்தான்! பகலுக்குத் திருத்திக்கொண்டார்கள், இரவுக்கு அந்தப் பழைய எண்ணம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டது. ராத்திரியில் வாளி வைத்து யாரும் பார்க்கவில்லையே. விடுதிப் பிள்ளைகளிடம் தெர்மாமீட்டரைக் கொடுத்து அனுப்பலாமா என்று பார்க்கிறேன்.

இதில் எனக்கு இன்னொரு பயம். தவறான விடையை அழகாக எழுதித் திரையில் பெரிதாகக் காட்டுகிறோம். சில பிள்ளைகளுக்கு அதுவே பதிந்துவிடாதா?

பாம்பன் வாத்தியார் | ஜூலை 16, இரவு 9.50

பதியும், பயம் நியாயம்தான். கேள்வியைக் கேட்டுவிட்டு விடையை நாளைக்குச் சொல்கிறேன் என்று விட்டால் பதியும். அதே அமர்வில், ஒவ்வொரு தவறும் ஏன் தவறு என்று பேசி, கடைசியாகத் திரையில் நிற்பது சரியான விடையும் காரணமும் மட்டுமே என்று பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது புதுக் கேள்வியைத் திறக்காதீர்கள்.

கீழக்கரை கணக்கு | ஜூலை 17, இரவு 8.05

நானும் மடித்த தாளை முயன்றேன், பின்னங்களில். தவறான விடையில் 1/2 + 1/3 = 2/5 என்று வைத்தேன். காட்டிய கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் ஆடிப்போனேன். கஹூட்டில் இதே பிள்ளைகள் வரிசையில் மேலே இருந்தவர்கள்.

ஆனாலும் புள்ளியே கூடாது என்பதை ஏற்க மாட்டேன். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடு புள்ளி இல்லாமல் நடத்திப் பாருங்கள், அப்போது பேசுவோம். செவ்வாய் தாள், வெள்ளி கஹூட் என்று வைத்திருக்கிறேன். வேகப் புள்ளியை மட்டும் நிறுத்திவிட்டேன்.

பாம்பன் வாத்தியார் | ஜூலை 17, இரவு 8.40

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியடுக்கு என்னிடமும் பதில் கிடையாது.

தொண்டி டீச்சர் | ஜூலை 18, இரவு 9.10

கச்சான் பையனுக்காக, வாடை வந்ததும் கேட்க ஒரு கேள்வி எழுதி மறைத்த ஸ்லைடில் வைத்திருக்கிறேன். பாருங்கள்.

டிசம்பர் மாதம். வாடை இரவும் பகலும் அடிக்கிறது. இரவு 3 மணிக்கும் தொண்டிக் கரையில் கடலிலிருந்தே காற்று வருகிறது. நிலக்காற்று எங்கே போனது?
அ) டிசம்பரில் நிலம் இரவில் குளிர்வதில்லை
ஆ) பருவக்காற்று மிகப் பெரிய பரப்பில் பலமாக வீசுவதால், கரையோரம் மட்டும் உருவாகிற சிறிய காற்றோட்டம் அதற்குள் அமுங்கிப்போகிறது
இ) நிலக்காற்று கோடையில் மட்டும் உருவாகும்
ஈ) நிலக்காற்று மேகத்துக்கு மேலே வீசுகிறது

மண்டபம் லேப் | ஜூலை 18, இரவு 9.14

டீச்சர், ஆ மட்டும் இரண்டு வரி. படிக்காமலே தூக்குவார்கள்.